வால்வைத் திறந்த பிறகு முழு ஓட்டம் வர எவ்வளவு நேரம்?

கேள்வி: "சார், தொட்டியிலிருந்து வரும் நீளமான குழாயின் கடைசியில் வால்வைச் சட்டென்று திறந்தால், முழு வேகம் வர எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கில் எப்போதும் 99 சதவீதம் என்றே கேட்கிறார்கள். நான் 100 போட்டால் விடையே வரவில்லை."

ஒரு குழாயை வைத்தே பார்த்துவிடுவோம். நீளம் 1000 மீட்டர், விட்டம் 30 சென்டிமீட்டர், கிடைமட்டமாகப் போகிறது. தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 20 மீட்டர் மேலே, மாறாமல் நிற்கிறது. உராய்வுக் குணகம் f 0.02. வால்வு மூடியிருக்கும்போதும் குழாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது, கிட்டத்தட்ட 70 டன். திறந்த அந்த நொடியில் இந்த 70 டன்னும் அசையாமல் நிற்கிறது. அதை நகர்த்தித்தான் ஆக வேண்டும். வழக்கமான பெர்னூலி சமன்பாட்டில் இதற்கு இடமே கிடையாது, அதனால் ஒரு உறுப்பைக் கூடுதலாகச் சேர்க்கிறோம்:

```
H = k·V²/2g + (L/g)·dV/dt
k = 1 + 0.5 + fL/D
```

1 என்பது வெளியே பாயும் நீரின் இயக்க ஆற்றலுக்கு, 0.5 தொட்டியிலிருந்து குழாய்க்குள் நுழையும் இடத்து இழப்புக்கு. fL/D மட்டும் 66.7 வருகிறது, ஆக k சுமார் 68.2. வேகம் நிலைத்த பிறகு dV/dt பூஜ்யம். அப்போது கிடைக்கும் இறுதி வேகம் V0 = 2.4 மீ/நொடி. இதை முதலில் கண்டுபிடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் இதை வைத்துத்தான். நிறைய பேர் உராய்வை மறந்து √(2gH) என்று 19.8 போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் 99 சதவீதம் வர 32 நொடி என்று வர வேண்டியது 267 நொடி என்று வரும்.

சரி, சமன்பாட்டை மாற்றி எழுதித் தொகையிட்டால்:

```
dV/dt = (gH/L)·(1 − V²/V0²)
t = (L·V0/2gH)·ln[(V0+V)/(V0−V)]
```

இப்போது உங்கள் 100 சதவீதத்துக்கு வருவோம். V-க்கு V0 போட்டால் கீழே பூஜ்யம், நேரம் முடிவிலி. நீங்கள் கணக்கில் தவறு எதுவும் செய்யவில்லை. வேகம் ஏற ஏற உராய்வு 20 மீட்டரில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது, முடுக்க மிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. அதனால் சூத்திரப்படி V0-ஐ நெருங்கலாம், தொட முடியாது. 99 என்பது நாம் வைத்துக்கொண்ட எல்லை. நம் குழாயில் பாதி வேகம் வர 6.7 நொடி, 90 சதவீதம் வர 18 நொடி, 99 வர 32 நொடி. கடைசி 9 சதவீதத்துக்கு மட்டும் 14 நொடி போகிறது, பாருங்கள்.

குழாயை 2000 மீட்டராக்கினால் நேரமும் இரட்டிப்பாகும் என்றுதான் தோன்றும். ஆகாது. தள்ள வேண்டிய தண்ணீர் இரட்டிப்பாகிறது, ஆனால் V0-வும் 1.7 ஆக இறங்கிவிடுகிறது. எட்ட வேண்டிய வேகமே குறைவு என்பதால் 99 சதவீதத்துக்கு 46 நொடிதான், 1.4 மடங்கு. உராய்வே ஆதிக்கம் செய்யும் நீளமான குழாயில் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, குழாயின் நடுவில் ஓர் அழுத்தமானியை வைத்தால் தெரிவது. திறக்கும் முன் அது 20 மீட்டர் காட்டும். நம் சூத்திரப்படி, திறந்ததும் ஏறக்குறைய 10-க்கு இறங்கி, அப்புறம் அங்கேயே நிற்கும். ஓட்டம் பூஜ்யத்திலிருந்து 2.4 வரை ஏறும் 32 நொடியும் முள் கிட்டத்தட்ட நகராது. தொடக்கத்தில் 20 மீட்டரும் குழாய் நெடுகச் சீராக முடுக்கத்துக்குப் போகிறது, கடைசியில் அதே அளவு சீராக உராய்வுக்குப் போகிறது. நடுப்புள்ளிக்கு இரண்டும் ஒன்றுதான். அழுத்தத்தைப் பார்த்து ஓட்டம் நிலைத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். ஓட்டமானி வேண்டும், அது இல்லையென்றால் வாயில் விழும் நீர்த்தாரை எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்கவும். இந்தக் கணக்கில் 70 டன்னும் ஒரே கட்டையாக ஒன்றாக நகர்வதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் வால்வு திறந்த செய்தி குழாய்க்குள் அலையாகப் போகிறது. அலைவேகம் நொடிக்கு 1000 மீட்டர் என்று வைத்தால், தொட்டிப் பக்கத் தண்ணீருக்கு அது 1 நொடி கழித்துத்தான் தெரியும். வால்வு வாயில் வேகம் முதலில் 0.2 மீ/நொடிக்குத் தாவும், 2 நொடி கழித்து அலை திரும்பி வந்ததும் இன்னொரு 0.4 அளவுக்குத் தாவும், இப்படிப் படிப்படியாக ஏறும். சராசரி எடுத்தால் நொடிக்கு 0.2, அதாவது நம் gH/L தான். 32 நொடியோடு ஒப்பிட்டால் 2 நொடிப் படிகள் சின்னவை என்பதால் சூத்திரம் நிற்கிறது. வால்வு திறக்கும் முன் குழாயில் காற்று தேங்கியிருந்தால் மட்டும் இதைப் போடாதீர்கள். முழுக்க நிரம்பிய குழாய்க்கு எழுதிய சமன்பாடு இது.