தம்புச் செட்டித் தெருவிலிருந்து ஒரு பதிவு: யார் படித்தார்கள்?

வணக்கம் நேயர்களே.

பாரிமுனையில், தம்புச் செட்டித் தெரு பக்கம் சி.எச்.ஏ. அலுவலகம், அதாவது சரக்கைச் சுங்கத்தில் கிளியர் செய்து தரும் ஏஜெண்ட் அலுவலகம், வைத்திருப்பவர்களில் சிலர் இப்போது லிங்க்டுஇன்னில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பதிவு போடுகிறார்கள். அவர்களுக்கு யார் கண்ணில் பட வேண்டும்? அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிற தொழிற்சாலைகளில் இறக்குமதியைக் கவனிக்கும் பர்ச்சேஸ் மேனேஜரும் சப்ளை செயின் மேனேஜரும்தான். சரக்கை யார் கிளியர் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அவர்கள். எந்த விஷயத்தை எழுதினால் அவர்கள் நின்று படிக்கிறார்கள் என்பதை, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே லிங்க்டுஇன் காட்டும் புள்ளிவிவரத்திலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு சி.எச்.ஏ. இரண்டு பதிவுகள் போடுகிறார். முதலாவது, துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற படம், இரண்டு வரி ஆதங்கத்தோடு. இரண்டாவது, இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்கிற பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகப் போட்டால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம் எப்படி ஏறுகிறது என்ற விளக்கம். படம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும். முதல் பதிவுக்கு 9,000 இம்ப்ரெஷன். இரண்டாவதுக்கு 1,300. இதைப் பார்த்ததும் அடுத்த வாரமும் லாரிப் படமே போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இம்ப்ரெஷன் என்பது என்ன? நிறுவனப் பக்கங்களுக்கு லிங்க்டுஇன் தருகிற விளக்கத்தின்படி, பதிவில் பாதியாவது திரையில் தெரிந்து, 300 மில்லி செகண்டு நின்றால் அது ஒரு இம்ப்ரெஷன். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரும் அதில் சேர்ந்துவிடுவார். ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்றாக ஏறும். அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘மெம்பர்ஸ் ரீச்டு’ என்ற எண்ணை எடுங்கள். எத்தனை வெவ்வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லும். நம் கணக்கில் லாரிப் படம் 6,000 பேருக்கும், கட்டண விளக்கம் 900 பேருக்கும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அதே பக்கத்தில் இன்னும் கீழே போனால், பார்த்தவர்கள் யார் என்ற பகுதி வரும். பதவி, ஊர், துறை, அனுபவ நிலை, நிறுவனம், நிறுவனத்தின் அளவு என்று வகை வகையாகச் சதவீதம் கொடுத்திருப்பார்கள். அதில் பதவி என்ற பட்டியலைத் திறங்கள். லாரிப் படத்துக்கு சப்ளை செயின் மேனேஜர் 2 சதவீதம், பர்ச்சேஸ் மேனேஜர் 1 சதவீதம், ஆக 3. கட்டண விளக்கத்துக்கு 11-ம் 7-ம், ஆக 18. இப்போது பெருக்குங்கள். 6,000 பேரில் 3 சதவீதம் 180 பேர். 900 பேரில் 18 சதவீதம் 162 பேர். ஏழு மடங்கு அதிக இம்ப்ரெஷன் வாங்கிய பதிவும், ஒதுக்கித் தள்ளவிருந்த பதிவும், நமக்கு வேண்டியவர்களிடம் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் போயிருக்கின்றன.

இந்தப் பெருக்கலைத் தவிர்த்துவிட்டுச் சதவீதத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. 100 பேருக்கே போன ஒரு பதிவில் 30 சதவீதம் மேனேஜர்கள் என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை, 30 பேர்தான்.

சரி, இரண்டும் சமம் என்றால் லாரிப் படத்தில் என்ன குறை என்று கேட்கலாம். குறை அடுத்த பதிவில்தான் தெரியும். லிங்க்டுஇன் ஒரு பதிவைப் பெரும்பாலும் முதலில் நம்மோடு ஏற்கெனவே இணைந்தவர்களுக்கும் நம்மைப் பின்தொடர்பவர்களுக்கும்தான் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் நின்று படித்தால், கருத்து எழுதினால், வெளியே விடுகிறது. லாரிப் படத்தைப் பார்த்துப் பின்தொடர வந்தவர்கள் பெரும்பாலும் சக சி.எச்.ஏ.க்கள், லாரி ஏஜெண்டுகள், லாஜிஸ்டிக்ஸ் படிக்கிற மாணவர்கள். நாளைக்கு நீங்கள் கட்டண விளக்கம் போடும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அது தெரிந்த சங்கதி, தள்ளிவிட்டுப் போவார்கள். பதிவு அங்கேயே படுத்துவிடும். பதிவின் புள்ளிவிவரத்தில், அதன் மூலம் வந்த புதிய ஃபாலோயர்கள் எத்தனை, உங்கள் புரொஃபைலைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை என்றும் தனியாக இருக்கும். இந்த இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள். ஃபாலோயர் நிறைய வந்து, புரொஃபைலை யாரும் திறக்கவில்லை என்றால், கூட்டம் வந்தது, வாடிக்கையாளர் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, 18 சதவீதம் என்பது நல்ல எண்ணா என்பதை எதை வைத்துச் சொல்வது? உங்கள் சொந்தச் சராசரியை வைத்துத்தான். கடைசியாகப் போட்ட 12 பதிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் சேர்ந்த ஆட்களைக் கூட்டுங்கள், அதில் நமக்கு வேண்டிய பதவிக்காரர்களைக் கூட்டுங்கள். மொத்தம் 24,000-ல் 1,200 என்று வந்தால் உங்கள் சராசரி 5 சதவீதம். ஒரே ஆள் பல பதிவுகளைப் பார்த்திருப்பார், ஆகவே 24,000 வெவ்வேறு ஆட்கள் இல்லை, ஆனால் விகிதம் பார்க்க இது போதும். இப்போது லாரிப் படம் சராசரிக்குக் கீழே, கட்டண விளக்கம் சராசரியைப் போல மூன்றரை மடங்கு என்று சொல்ல முடிகிறது. வேறொருவரின் சராசரி 15 ஆக இருக்கலாம், அவருடைய தொடர்புகளே மேனேஜர்களாக இருக்கலாம். அவரோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

எண்களை எடுக்கும் நாளும் முக்கியம். லிங்க்டுஇன் பதிவு ஒரே நாளில் ஓய்வதில்லை, இரண்டு மூன்று வாரம்கூட மெதுவாகச் சுற்றும். ஒன்றை இரண்டாம் நாளும் இன்னொன்றை இருபதாம் நாளும் எடுத்து ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். எல்லாப் பதிவுக்கும் பத்தாவது நாள் என்று வைத்துக்கொண்டு, ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றுங்கள். அதில் பதிவின் விஷயம் ஒரு பத்தியிலும், வடிவம் இன்னொரு பத்தியிலும் இருக்க வேண்டும். காரணம், நம் உதாரணத்தில் ஒன்று படம், மற்றது எழுத்து. வித்தியாசம் விஷயத்தால் வந்ததா, படத்தால் வந்ததா என்பது இன்னும் தெரியாது. அதே கட்டண விஷயத்தை ஒரு படத்தோடு போட்டு, கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் கப்பல் கம்பெனி வாங்கும் டிடென்ஷன் கட்டணத்தை வெறும் எழுத்தாகப் போட்டு, நாலைந்து பதிவு சேர்ந்த பிறகுதான் விஷயத்தைப் பற்றிப் பேச உரிமை வரும்.

ஒரே பதிவை நம்பி முடிவெடுப்பதில் இன்னொரு பள்ளமும் உண்டு. கட்டண விளக்கத்தின் கீழ் ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேனேஜர் கருத்து எழுதியிருப்பார். அது அவருடைய சகாக்கள் பலர் கண்ணுக்குப் போயிருக்கும். 18 சதவீதம் அந்த ஒரு கம்பெனியால் வந்ததாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. நிறுவனம் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் இடத்தில் ஒரே கம்பெனி 8, 10 சதவீதத்தோடு உட்கார்ந்திருந்தால் அதுதான் காரணம். பல கம்பெனிகள் ஒன்றிரண்டு சதவீதமாகச் சிதறியிருந்தால் விஷயம் உண்மையிலேயே எடுபட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் சொந்த அலுவலகமே முதலில் நின்றால், ஊழியர்கள் முதலாளிக்காக லைக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பட்டியல்கள் சொல்லாதவையும் உண்டு. பதவிப் பட்டியல் மேலே இருக்கும் சிலவற்றை மட்டும் காட்டும், எல்லாவற்றையும் கூட்டினாலும் 100 வராது. ஒரே வேலையைச் செய்பவர் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர், இன்னொன்றில் சோர்சிங் ஹெட், மூன்றாவதில் ஸ்ட்ராடஜிக் பையர். பெயர் சிதறுவதால் சதவீதமும் சிதறிப் பட்டியலுக்குக் கீழே மறைந்துவிடும். அதாவது, நாம் எடுத்த 18 என்பது குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள். துறை, அனுபவ நிலை என்ற பட்டியல்கள் இவ்வளவு சிதறாது என்பதால் துணைக்கு அவற்றையும் பாருங்கள். ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கக் கூடாது. உற்பத்தித் துறை 30 சதவீதம், சீனியர் 20 சதவீதம் என்றால் உற்பத்தித் துறை சீனியர்கள் 6 சதவீதம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சீனியர்கள் எல்லாருமே கப்பல் கம்பெனி ஆட்களாக இருக்கலாமே. ஊர் விவரத்திலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மணலி, ஒரகடம் எல்லாம் சேர்ந்து ‘கிரேட்டர் சென்னை ஏரியா’ என்று ஒரே வரியில் வந்து நிற்கும்.

பார்த்தவர்களின் பெயர் தெரியாது, சதவீதம்தான் தெரியும். லைக் போட்டவர்கள், கருத்து எழுதியவர்கள் பெயர் தெரியும். அந்தப் பட்டியலைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 40 பேர் இருந்தால் கால் மணி நேர வேலை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘வாடிக்கையாளர் ஆகலாம்’, ‘சக தொழில்காரர்’, ‘மற்றவர்’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். பதவிச் சதவீதம் காட்டுவதும் இந்தக் கையெண்ணிக்கை காட்டுவதும் ஒரே திசையில் போனால் நம்பலாம். முரண்பட்டால், என் பார்வையில் கையெண்ணிக்கைதான் மேல். பெரிய மேனேஜர்கள் பலர் போட்டியாளர் கண்ணில் படுமென்று லைக்கே போட மாட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பதிவைச் சேமித்து வைத்தவர்கள், இன்னொருவருக்கு அனுப்பியவர்கள் எண்ணிக்கையும் இப்போது புள்ளிவிவரத்தில் வருகிறது. லைக் குறைந்து சேமிப்பு அதிகமான பதிவு என்றால், யாரோ அலுவலகத்தில் எடுத்துக் காட்டப் போகிறார்கள்.

கடைசியாக, கருத்துகளில் வருகிற கேள்விகளைச் சொல்ல வேண்டும். கட்டண விளக்கத்துக்குக் கீழே ஒருவர், ‘ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வருமா?’ என்று கேட்கிறார் என்று வையுங்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும், அந்த நாள் விடுமுறையானாலும் விலக்கில்லை என்று 2021-ல் சட்டம் மாறியது. இலங்கை மாதிரி பக்கத்து நாடுகளிலிருந்து வரும் கப்பலுக்குத் தனிச் சலுகை உண்டு. கேட்டவரின் பெயருக்குக் கீழே இம்போர்ட் மேனேஜர் என்று இருந்தால், அடுத்த வாரப் பதிவின் விஷயம் கிடைத்துவிட்டது. விடுமுறை நாளும் பில் ஆஃப் என்ட்ரியும் என்று எழுதுங்கள். பத்தாவது நாள் அதே எண்களை எடுத்து, எக்ஸெல் தாளின் அடுத்த வரியில் போடுங்கள்.

வணக்கம்.