எச்சத்தில் நின்ற பெண்

(கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். நான் வகுப்பெடுத்த காலத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் இருந்தாள். நல்ல படிப்பாளி. குறுந்தொகையின் நெய்தல் பாடல்களைப் பற்றி அவள் ஆய்வேடு எழுத வேண்டும். நாலு இயல். மாசியில் முடித்துவிட்டதாகச் சொன்னாள். பங்குனியும் பாதி போய்விட்டது, ஏடு என் மேசைக்கு வரவில்லை. கேட்டால், "இன்னும் ரெண்டு நாள் ஐயா, கொஞ்சம் திருத்தம் இருக்கு" என்பாள். ஒருநாள் சற்றுக் கடிந்து பேசிவிட்டேன். அவள் அசரவில்லை. "ஔவையே சொல்லியிருக்காங்களே ஐயா, செய்வன திருந்தச் செய்னு" என்றாள்.

தமிழ் படித்த பிள்ளையிடம் தமிழாலேயே அடிபடுவது தனிச் சுகம். அன்று இரவு அந்த மூன்று சொல்லையும் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "திருந்த என்பது என்ன சொல்லம்மா?" என்று கேட்டேன். "வினையெச்சம் ஐயா." "எச்சம் தனியா நிக்குமா?" "நிக்காது, வினைமுற்று வேணும்." "ஔவை கொடுத்த முற்று எது?" கொஞ்சம் யோசித்து, "செய்" என்றாள். "நீ எச்சத்திலேயே நிக்கிற. ஔவை முற்றுக்குப் போயிட்டாங்க" என்றேன். சிரித்தாள். ஆனால் ஏடு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இத்தகைய பிள்ளைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பழமொழிகள் எல்லாம் 'போதும், விடு' என்று மட்டும் சொல்கின்றன. 'அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது?' என்கிறோம். அழகான கேள்விதான். ஆனால் அவள் மனத்தில் ஓடுவது வேறு: எது அலை, எது சுழல் என்று எனக்கு எப்படித் தெரியும்? 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்றால் அவளுக்குப் பயம்தான் கூடும். இன்னும் நாலு நாள் பிசைவாள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் அளவுகோல் இல்லாமல், நிறுத்து என்று மட்டும் சொன்னால் யாரால் நிறுத்த முடியும்?

அந்த அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. எண்ணிப் பாருங்கள், பத்து. 'ஈரைங் குற்றம்' என்று அவரே எண்ணிக்கையையும் போட்டுவிடுகிறார். குறையே இல்லாமை என்பதற்கு எல்லை கிடையாது, தேடிக்கொண்டே போகலாம். குற்றத்துக்கு எல்லை உண்டு; பத்தையும் பார்த்துவிட்டால் பார்த்தாகிவிட்டது.

அவளிடம் கடைசி மூன்று நாள் திருத்திய அச்சுப்படிகளைக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்பு மையில் முப்பத்தேழு திருத்தம். ஒவ்வொன்றின் ஓரத்திலும், அது பத்தில் எந்தக் குற்றத்தைப் போக்குகிறது என்று எண் போடச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆறு திருத்தங்களுக்கு எண் கிடைத்தது. ஓரிடத்தில் தலைவி கூற்று என்றும் நாலு பக்கம் தள்ளி அதே பாடலைத் தோழி கூற்று என்றும் எழுதியிருந்ததைச் சரிசெய்திருந்தாள். மாறுகொளக் கூறல், திருத்தியே ஆக வேண்டியது. மற்ற முப்பத்தொன்றுக்கும் எண் இல்லை. 'ஆகவே' என்பது 'எனவே' ஆகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஒன்பது இடங்களில் செவ்வாய்க்கிழமை எடுத்த சொல்லை வியாழக்கிழமை திரும்ப வைத்திருந்தாள். எடுத்த சொல் வந்த வழியே திரும்பி வருகிறது என்றால், அங்கே திருத்தம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சிவப்பு மை முழுவதும் முதல் இரண்டு இயல்களில். முதல் இயலைப் பதினொரு தடவை எழுதியிருக்கிறாள். நான்காம் இயல் மூன்றே பக்கம், ஒரே தடவை எழுதியது. பவணந்தியார் இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்: சென்று தேய்ந்து இறுதல். போகப் போகத் தேய்ந்து முடிவது. குறையே கூடாது என்று முதல் பக்கத்தில் உட்கார்ந்தவள், அந்தப் பிடிவாதத்தாலேயே ஒரு குற்றத்தை உண்டாக்கி வைத்திருந்தாள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பின்வரிசையில் சிலர் மகிழ்ச்சியாகத் தலையாட்டுவது தெரிகிறது. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்றும் குறள் இருக்கிறது. தூங்குதல் என்றால் அங்கே காலம் தாழ்த்தல். தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்தித்தான் செய்ய வேண்டும். மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஏடு, படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டும் ஏடு, இவை காத்திருக்கட்டும். அந்த வேலையும் முடிந்த பிறகு? அதற்கு முந்தைய குறளைப் பாருங்கள்: 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது.' ஆராய்ச்சிக்கு முடிவு துணிவது. துணிந்ததைத் தாமதத்தில் கிடத்துவது தீது. தாமதத்துக்கு இடம் கொடுத்த அதே அதிகாரத்தில்தான் இதுவும் இருக்கிறது.

அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். "குடுத்தப்புறம் தப்பு தெரிஞ்சா ஐயா?" இதுதான் உள்ளே இருந்த முள். நான் உ.வே.சாமிநாதையரைச் சொன்னேன். சீவக சிந்தாமணியை அவர் 1887இல் பதிப்பித்தார். அதற்குமேல் ஏடுகளைத் தேடுவதையும் பாடங்களை ஒப்பிடுவதையும் நிறுத்தினாரா? இருபது ஆண்டு கழித்து, 1907இல், திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். எல்லாம் தெளியட்டும் என்று காத்திருந்தால், அந்த இருபது ஆண்டும் சிந்தாமணி ஏட்டுச்சுவடியிலேயே இருந்திருக்கும். கம்பரையும் சொன்னேன். பாற்கடலை முழுதும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் போல ஆசைப்பட்டுச் சொல்லத் தொடங்கினேன் என்று அவையடக்கத்தில் பாடுகிறார். கடல் தீராது என்று அந்தப் பூனைக்குத் தெரியும். தெரிந்தும் நக்கத் தொடங்கியதால்தான் நமக்கு ஆறு காண்டம். 'அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு' என்று வள்ளுவர் குற்றமற்றுக் கற்றவரிடமும் அறியாமை இருக்கும் என்கிறார். முதுகலை இரண்டாம் ஆண்டில் அது இருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

அந்த நாள்களில் அச்சான புத்தகங்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு வெற்றுத்தாளை ஏட்டின் கடைசியில் சேர்த்துக் கட்டச் சொன்னேன். கொடுத்த பிறகு கண்ணில் படும் பிழையை அதில் எழுதிக் கொள்ளலாம். அந்தத் தாள்தான் அவளை அசைத்தது என்று நினைக்கிறேன், குறள்கள் அல்ல. நான்காம் இயலுக்கு நாலு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஏடு என் மேசையில் இருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நான்கு பிழை சொன்னார். மூன்று நான்காம் இயலில். ஒன்று அட்டையில், என் பெயரில். பதினொரு தடவை எழுதிய முதல் இயலை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.