கடற்பாலத்தில் நின்றுபோன புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். வாட்ஸ்அப்பில் நாம் போகும் இடத்தை வீட்டாருக்கு நேரலையாகக் காட்டும் வசதியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லித்தரும்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

சனிக்கிழமை காலை. அம்மா உட்லண்ட்ஸிலிருந்து 950 பேருந்தில் ஜோகூர் பாரு போகிறார். மகனின் உரையாடலைத் திறந்து, இணைப்புக் குறியைத் தொட்டு, Location, பிறகு Share live location என்று போகிறார். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே தேர்வுகள். அம்மா 1 மணி நேரத்தைத் தொடுகிறார். சோதனைச்சாவடியில் வரிசை நீண்டால் அது போதாது. நேரம் முடிந்ததும் பகிர்வு தானாக நின்றுவிடும், மறுபடியும் அனுப்ப வேண்டியதுதான். அதற்காக எடுத்த எடுப்பிலேயே 8 மணி நேரம் கொடுக்க வேண்டாம் என்பேன். மாலை வரை எந்தக் கடையில் நிற்கிறோம் என்பதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மகனுக்கு என்ன தெரியும்? வரைபடத்தில் அம்மாவின் படம் ஒரு புள்ளியாக நகரும். அதோடு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது இந்த நேரத்தைத்தான். கடற்பாலத்தைத் தாண்டும்போது கைப்பேசி மலேசியக் கட்டமைப்புக்கு மாறும். அம்மாவிடம் ரோமிங் இல்லையென்றால் இணையம் போய்விடும், புள்ளி பாலத்தின் நடுவிலேயே நிற்கும். அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று மகன் பதறுவான். புதுப்பித்த நேரம் பழையதாகவே இருந்தால், நின்றது தகவல்தான். அம்மா இந்நேரம் சுங்கத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். நேரம் புதிதாகவே இருந்து புள்ளி மட்டும் அசையவில்லை என்றால், அம்மா உண்மையிலேயே அங்கே நிற்கிறார். பெரும்பாலும் வரிசைதான். அப்போது ஒரு போன் போட்டுக் கேட்கலாம். ஐபோனில் இன்னொன்றும் பாருங்கள்: இருப்பிட அனுமதி Always என்று இல்லாவிட்டால், வாட்ஸ்அப்பை மூடியதும் புள்ளி நகராமல் போகலாம்.

சரி, தோழிகள் அரை மணி நேரத்திலேயே வந்து அழைத்துக்கொண்டார்கள், இனிப் பகிர வேண்டாம். அதே உரையாடலில் அந்த வரைபடத்துக்குக் கீழே Stop sharing இருக்கும். அதைத் தொட்டு, மீண்டும் கேட்கும்போது உறுதி செய்தால் போதும். யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்பது மறந்துவிட்டதா? Settings, Privacy, Live location என்று போனால் இப்போது எந்தெந்த உரையாடல்களில் பகிர்வு ஓடுகிறது என்பது தெரியும்; அங்கேயே நிறுத்தலாம். குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தால் இதை அவசியம் பாருங்கள், ஏனென்றால் அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தப் புள்ளி தெரியும்.

நிறுத்திய பிறகு புள்ளி நகராது. ஆனால் அந்தச் செய்தி உரையாடலில் ஒரு சிறு படமாக நிற்கும். அதைத் தொட்டால் கடைசியாகப் பதிவான இடத்தை மகன் பார்க்க முடியும். அதனால் நீங்கள் போய்ச் சேரும் இடம் தெரிய வேண்டாம் என்றால், அங்கே போவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.