"சிறுத்தை இல்லை" என்று குரங்கால் சொல்ல முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கென்யாவில், கிளிமஞ்சாரோ மலைக்கு வடக்கே அம்போசெலி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வெர்வெட் என்ற சிறிய குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. சிறுத்தையைக் கண்டால் அவை ஒரு விதமாகக் கத்தும். கழுகைக் கண்டால் குரல் வேறு, பாம்பைக் கண்டால் அதுவும் வேறு. சிறுத்தைக் குரல் கேட்டதும் மற்ற குரங்குகள் மரத்தில் ஏறிக்கொள்ளும். கழுகுக் குரலென்றால் மேலே அண்ணாந்து பார்க்கும், அல்லது புதருக்குள் பாயும். பாம்புக் குரலென்றால் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் புல்தரையைப் பார்க்கும்.

கேட்கிற குரங்கும் அதே சிறுத்தையைத் தன் கண்ணால் பார்த்துத்தான் ஓடியதோ என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் ஆகிய மூவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். குரல்களைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, பக்கத்தில் எந்த எதிரியும் இல்லாத நேரத்தில் ஒலிக்கவிட்டார்கள். வெறும் குரலைக் கேட்டே குரங்குகள் அதற்குரியபடி நடந்துகொண்டன. 1980இல் முடிவுகள் வெளிவந்தபோது, 'குரங்குக்கும் சொல் உண்டு' என்று பலர் எழுதினார்கள்.

நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். சிறுத்தை தான் கொன்ற மானை மரக்கிளையில் ஏற்றி வைக்கும். செனியும் செய்ஃபார்த்தும் அதுபோலவே ஒரு பாடம்செய்த மானை மரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். குரங்குகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பவில்லை. மணலில் மலைப்பாம்பு ஊர்ந்துபோன தடத்தையும் அவை பொருட்படுத்தவில்லை. எதிரி எதிரில் வந்தால்தான் குரல். "நேற்று இங்கே சிறுத்தை வந்தது" என்பதற்கு அவற்றிடம் குரல் இல்லை.

கண்முன் இல்லாததைப் பற்றிப் பேசும் இந்தத் திறனை மனித மொழியின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாக, 1960இல் ஒரு கட்டுரையில் பட்டியலிட்டவர் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஹாக்கெட். ஆனால் அவரே ஒரு விதிவிலக்கையும் சொன்னார். அது தேனீ.

பூ இருக்கும் இடத்தைக் கண்டு வந்த தேனீ, கூட்டின் இருட்டில், செங்குத்தாக நிற்கும் அடையின் மேல் ஆடுகிறது. வயிற்றை ஆட்டிக்கொண்டே நேராகக் கொஞ்ச தூரம் ஓடி, வளைந்து திரும்பி வந்து, மறுபடியும் அதே கோட்டில் ஓடும். அந்த ஓட்டம் நேர் மேல்நோக்கி இருந்தால் பூ சூரியன் இருக்கும் திசையில் இருக்கிறது. மேலிருந்து வலப்பக்கம் 40 பாகை சாய்ந்திருந்தால், சூரியனுக்கு வலப்பக்கம் 40 பாகையில் இருக்கிறது. ஓட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம். ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. எப்போதோ பார்த்துவிட்டு வந்த, எங்கோ இருக்கும் பூவைப் பற்றிய செய்தி இது. குரங்கால் முடியாததை ஒரு பூச்சி செய்கிறது!

அப்படியானால் நமக்கும் தேனீக்கும் என்ன வேறுபாடு? ஃபான் ஃபிரிஷ் செய்த இன்னொரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்துவிட்டு, சில தேனீக்களை மட்டும் கோபுர உச்சிக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரைப் பாகைக் காட்டினார். அவை கீழே வந்து உற்சாகமாக ஆடின. கூட்டிலிருந்த மற்றவை புறப்பட்டுப்போய்ச் சுற்றுப்புறமெங்கும் தேடின. நேர் தலைக்கு மேலே இருந்த சர்க்கரைப் பாகை அவை கண்டுபிடிக்கவே இல்லை. ஆட்டத்தில் திசைக்கு இடமுண்டு, தூரத்துக்கு இடமுண்டு, உயரத்துக்கு இடமில்லை. பூக்கள் வானத்தில் பூப்பதில்லை என்பதால் அதற்குத் தேவை வந்ததும் இல்லை. தேவை வந்த அன்று, இருக்கிற இரண்டையும் வைத்து மூன்றாவதை உண்டாக்க வழியும் இல்லை. என்னைப் பொறுத்தவரை தொலைவில் உள்ளதைப் பற்றிச் சொல்வது மட்டும் மொழி ஆகாது. எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்ல முடியவேண்டும். அதற்குச் சேர்க்கை வேண்டும்.

சேர்க்கை விலங்குகளிடம் அறவே இல்லையா என்றால், இருக்கிறது. நம் ஊரிலும் பட்டாணிக் குருவி உண்டு. அதன் நெருங்கிய உறவு ஒன்று ஜப்பானில் வாழ்கிறது. தொஷிதகா சுசுகி என்ற ஆய்வாளர் அதன் இரண்டு குரல்களை எடுத்துக்கொண்டார். முதலாவது, 'ஆபத்து, சுற்றிலும் பார்' என்ற வகை. அதைக் கேட்டால் குருவி தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கும். இரண்டாவது, 'இங்கே வா' என்ற வகை. அதைக் கேட்டால் ஒலி வரும் பக்கம் நெருங்கும். முதலாவதை அடுத்து இரண்டாவதை ஒலித்தால் இரண்டு வேலையையும் செய்கிறது: சுற்றிலும் பார்த்துக்கொண்டே நெருங்கி வருகிறது. சுசுகி வரிசையை மாற்றி, இரண்டாவதை முன்னும் முதலாவதைப் பின்னுமாக ஒலிக்கவிட்டார். குருவிகள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதே ஒலிகள்தான், முறை மாறியதும் பொருள் போய்விட்டது. 2016இல் வந்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். இதை இலக்கணத்தின் துளி என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

ஆனால் அந்தத் துளி வளர்வதில்லை. இரண்டும் சேர்ந்து ஒன்றானதும் அது அங்கேயே நின்றுவிடுகிறது. சேர்ந்து வந்த அந்த ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குள் வைப்பதில்தான் நம் மொழி வேறுபடுகிறது. மலையோர ஊர் ஒன்றில் ஒரு பெண் தன் தம்பியிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: "நேத்து சிறுத்தை வந்த பாறைப் பக்கம் இன்னைக்கு ஆடு ஓட்டிட்டுப் போகவேண்டாம்னு நான் சொன்னதா பெரியப்பாகிட்ட சொல்லுடா."

தம்பி அதைத் திணறாமல் புரிந்துகொள்வான். ஆனால் உள்ளே பாருங்கள். 'நேற்றுச் சிறுத்தை வந்தது' என்பது முழு வாக்கியம். அது 'வந்த' என்று சுருங்கிப் பாறைக்கு அடைமொழியாகிவிட்டது. அந்தப் பாறை, 'போகவேண்டாம்' என்ற தடைக்குள் போய் உட்கார்ந்தது. 'என்று' அந்தத் தடையை மூடி அக்காவின் பேச்சாக்கியது. அந்தப் பேச்சையும் 'சொன்னதாக' என்பது எடுத்துக்கொண்டு, தம்பி பெரியப்பாவிடம் சேர்க்கவேண்டிய செய்தியாக்கியது. இதற்கு மேலும் ஒரு 'என்று' போட்டு இதைப் பெரியப்பா வேறொருவரிடம் சொல்லலாம். இந்த வாக்கியத்தை அக்கா முன்னே எங்கும் கேட்டிருக்கத் தேவையில்லை, தம்பியும் அப்படித்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'வேண்டாம்', 'இல்லை' போன்ற சொற்கள்தான். வெர்வெட் குரங்குக்குச் சிறுத்தைக் குரல் உண்டு. ஆனால் "சிறுத்தை இல்லை, இறங்கி வரலாம்" என்று சொல்ல, அதே குரலோடு சேர்க்கத்தக்க ஓர் எதிர்மறை ஒலி கிடையாது. சிறுத்தை இல்லையென்றால் அது குரல் எழுப்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான். இல்லாததைப் பேச 'இல்லை' வேண்டும். 'இல்லை' என்பது தனியே நின்று எதையும் குறிக்காமல், இன்னொன்றோடு சேர்ந்தே பொருள் தருவது. 'வந்தால்', 'வராவிட்டால்', 'வந்திருந்தால்' எல்லாம் அந்த வகை. நாளையைப் பற்றியும் நடக்காததைப் பற்றியும் நாம் பேசுவது இந்தச் சேர்க்கையால்தான்.

2025இல், காங்கோ நாட்டின் கோகோலோபோரி காட்டில் வாழும் போனபோ என்ற மனிதக்குரங்குகளின் குரல்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சில இணைகளில் ஒரு குரல் மற்றொன்றின் பொருளை மாற்றுகிறது என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது இரண்டிரண்டு குரல்களின் இணைகளை. அந்த இணை ஒன்று மூன்றாவது குரலுக்குள் ஒரே அலகாக நுழைகிறதா, அப்படி நுழைந்தால் கேட்கும் போனபோ அதற்கேற்ப நடந்துகொள்கிறதா என்பதுதான் அடுத்த சோதனையாக இருக்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.