கடைசி பத்து மாத சராசரியா, முழு சர்வீஸ் சராசரியா?

கேள்வி: "சார், நான் கோத்தகிரி. அப்பா தபால் துறையில் 1992-ல் சேர்ந்து 2025 ஜனவரி 31-ல் ரிட்டயர் ஆனார். கடைசி பேசிக் 60,400. கணக்குத் தாளில் சராசரி 59,860-னு இருக்கு. இது சரியா? மொத்த சர்வீசுக்கும் சராசரி எடுத்தா எவ்வளவு வரும்?"

சராசரி சரிதான் தம்பி. ஜனவரியில் இருந்து பின்னாடி பத்து மாசம் எண்ணினா ஏப்ரல் வரைக்கும் போகும். அப்பாவுக்கு ஜூலை இன்கிரிமென்ட், அதனால் ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் பழைய பேசிக் 58,600, மீதி ஏழு மாசம் 60,400. கூட்டிப் பத்தால் வகுத்தால் 59,860. அதில் பாதி 29,930. ஆனா பென்ஷன் இந்தத் தொகை இல்லை, ஏன்னா 2004-க்கு முன்னாடி சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு கடைசி சம்பளம், பத்து மாத சராசரி ரெண்டில் எது அதிகமோ அதில்தான் பாதி. அப்பாவுக்கு 30,200 வரணும், அதுக்கு மேலதான் அகவிலைப்படி. பென்ஷன் வழங்கும் ஆணையான பிபிஓ-வில் 29,930-னு இருந்தா விடாதீங்க, அவர் கடைசியா வேலை பார்த்த அலுவலகம் வழியா திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. ஹில் அலவன்ஸ் மாதிரி படிகள் இந்தக் கணக்கில் சேராது, அதைச் சேர்த்துப் பார்த்துட்டு குறையுதேன்னு பலர் குழம்புறாங்க.

சராசரி ஜெயிக்கிற இடமும் உண்டு. தண்டனையா கடைசி மாசங்களில் சம்பளம் குறைக்கப்பட்டவருக்கு, குறையறதுக்கு முந்தைய மாசங்கள் உள்ளே வர்றதால சராசரிதான் அதிகமா இருக்கும்.

அப்புறம் முழு சர்வீஸ் சராசரி. 1992-ல் தபால் உதவியாளரோட ஆரம்ப பேசிக் 975 ரூபாய். இன்னிக்கு அதே நாற்காலியில் புதுசா உட்காருறவருக்கு 25,500. வேலை மாறலை, ரூபாயோட மதிப்புதான் மாறிப்போச்சு. அந்த 975-ஐ அப்படியே சேர்த்து சராசரி எடுத்தா என்ன ஆகும்? அப்பா மாதிரி ஒருத்தருக்கு தோராயமா போட்டுப் பார்த்தேன்: 1995 வரை நாலு வருஷம் சராசரி 1,050, அடுத்த பத்து வருஷம் 5,000, அதுக்கடுத்த பத்து 15,000, கடைசி ஒன்பது வருஷம் 53,000. 33 வருஷத்துக்கும் சராசரி இருபதாயிரத்து அறுநூறு சொச்சம். பாதி 10,300. இப்போ கிடைக்கிறதில் மூணில் ஒரு பங்கு!

அதனால் எங்கேயாவது "முழு சர்வீஸ் சராசரி" என்று திட்டம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, பழைய வருஷத்துச் சம்பளத்தை இன்றைய விலைவாசிக்கு உயர்த்திக் கணக்கிடுறாங்களா என்பதுதான். பிரிட்டன் அரசு ஊழியர்களோட ஆல்ஃபா திட்டத்தில் ஒவ்வொரு வருஷச் சம்பளத்திலும் 2.32 சதவீதம் பென்ஷன் கணக்கில் ஏறும், ஏறினதை வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவாங்க. அப்படிச் செய்தால் சராசரி முறை மோசமில்லை, பிரமோஷனே இல்லாமல் ஒரே நிலையில் இருந்தவருக்குப் பெருசா நஷ்டம் வராது. கடைசி ரெண்டு மூணு வருஷத்தில் பெரிய பிரமோஷன் வாங்கினவருக்குத்தான் இடிக்கும், அவருக்கு நம்ம கடைசி சம்பள முறைதான் லாபம்.

அந்த உயர்த்துற விதி இல்லாத சராசரித் திட்டம்னா, சங்கத்துக்காரங்க யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீங்க.