புது நகரத்தில் மனநல ஆலோசகரைத் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிய நகரத்துக்கு வந்தவர்கள் வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, எந்த பஸ் எங்கே போகும் என்பதையெல்லாம் யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொண்டு விடுவார்கள். "இங்கே நல்ல மனநல ஆலோசகர் யார்?" என்று மட்டும் கேட்க முடிவதில்லை. நம்பிக் கேட்கிற அளவுக்குப் பழகியவர் யாரும் இருக்க மாட்டார். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்கலாம்தான், ஆனால் வந்து இரண்டு மாதத்தில் அவரிடம் போய் இதைக் கேட்க யாருக்கு மனம் வரும்?

நான் பல ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வந்த ஓர் இளைஞர், அதற்கு முன்பு யாரையுமே தெரியாத ஒரு நகரத்தில் தனக்கு ஆலோசகரைத் தேடிக் கண்டுபிடித்தவர். அவர் தேடிய விதம் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

முதலில் அவர் எல்லோரையும் போல இணையத்தில் தேடியிருக்கிறார். நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்தன. எல்லோருடைய பக்கத்திலும் அதே பட்டியல்: மனச்சோர்வு, பதற்றம், மணவாழ்க்கை, குழந்தை வளர்ப்பு, வேலை அழுத்தம். யாரை எடுப்பது, யாரை விடுவது? ராத்திரி ஒரு மணி வரை படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். இப்படியே சில வாரங்கள் போயின.

அப்புறம் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆலோசகர்களைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிட்டு, தன்னைப் பற்றி நான்கு வரி எழுதினார். "8 வாரமாகத் தூக்கம் சரியில்லை, விடியற்காலை 3.30 மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூங்க முடிவதில்லை. வேலைக்குப் போகிறேன், ஆனால் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. ராத்திரி தூங்க வேண்டும், வீட்டாரிடம் பழையபடி பேச வேண்டும்." அவ்வளவுதான். எத்தனை நாளாக, அன்றாடத்தில் எது மாறிவிட்டது, என்ன கிடைத்தால் போதும் என்ற மூன்றும் அதில் இருந்தன. போனில் பேச்சு வராமல் திணறும்போது இதைப் பார்த்து அப்படியே வாசித்துவிடலாம். அவரும் அதைத்தான் செய்தார்.

அந்தக் காகிதத்தோடு அவர் முதலில் போனது ஒரு பொது மருத்துவரிடம். இதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். தூக்கமின்மை, அசதி, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் தைராய்டு கோளாறிலும் ரத்தசோகையிலும் பி12 குறைபாட்டிலும்கூட வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. ஊரில் யாரையும் தெரியாதவருக்கு, அந்த ஊர் மனநல மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் தெரிந்த ஒருவர் கிடைத்துவிடுகிறார். "தூக்கப் பிரச்சினைக்கு நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். மருந்து தேவைப்படுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆலோசகர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். இந்த இளைஞருக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மருத்துவர் ஒரு பெயரைச் சொன்னார். இன்னொன்றை இளைஞரே அந்த நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பதிவேட்டில் எடுத்தார். மூன்றாவது, ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை நடத்தும் பயிற்சி மையம். பயிற்சி மையங்களில் மாணவர்கள்தான் பார்ப்பார்கள், ஆனால் மேலே ஒரு மூத்தவர் ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருப்பார். கட்டணமும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

மூன்று இடங்களுக்கும் போன் செய்தார். அந்தப் பேச்சைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிபாரிசு செய்ய ஆளில்லாத ஊரில் அந்த வேலையை இந்த முதல் போன்தான் செய்கிறது.

முதலில் பேசியவர் இளைஞர் சொல்வதை முழுக்கக் கேட்கவே இல்லை. "ஐந்து அமர்வில் முழுசாகச் சரியாகிவிடும், மொத்தப் பணத்தையும் முன்பே கட்டிவிடுங்கள்" என்றார். இந்தத் துறையில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. நேரில் பார்ப்பதற்கு முன்பே தருகிறார் என்றால் அவரை விட்டுவிடலாம். அவர் உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டில் இருந்த பெயர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு எண் இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

பயிற்சி மையத்தில் பேசியவர், "எங்களிடம் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளின் கற்றல் குறைபாட்டைப் பார்ப்பவர்கள். உங்களுக்கு நாங்கள் சரிப்பட மாட்டோம்" என்றார். கேட்பவருக்கு இது மறுப்பாகத்தான் தோன்றும். என் பார்வையில் அது பெரிய உதவி. தன்னால் முடியாததைச் சொல்பவர், யாரால் முடியும் என்பதையும் பெரும்பாலும் சொல்வார். அவரும் ஒருவரின் பெயரைச் சொன்னார். பொது மருத்துவர் சொன்ன அதே பெயர்.

இருவரும் சொன்ன அந்த ஆலோசகர் நான்கு வரியையும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்டார். "சாப்பாடு எப்படி இருக்கிறது? செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா?" இதை அவர் சுற்றி வளைக்காமல் கேட்டது சரியான முறை. அப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிறகு தன் வழியைச் சொன்னார்: வாரம் ஒருமுறை, 50 நிமிடம். முதல் இரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுத வேண்டும், அதை வைத்துத்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்பது. 6 அமர்வு முடிந்ததும் பலன் இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் அவரிடம் மூன்று வாரத்துக்கு இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுக்கொண்டு, யாராவது வராமல் போனால் தன்னைக் கூப்பிடும்படி இளைஞர் சொல்லி வைத்தார். ரத்தான இடம் ஒன்று பத்தாவது நாளே கிடைத்துவிட்டது.

இந்தக் காத்திருப்பெல்லாம் உயிருக்கு ஆபத்து இல்லாதபோதுதான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வலுத்தால் பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அருகில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். இரண்டையும் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே போனில் பதிந்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடுவது கஷ்டம்.

சரி, முதல் நாள் போனார். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பினார். "அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்" என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. யாரை எழுதுவது? வெளியூரிலிருந்து வந்த பலரும் நின்றுபோகிற இடம் இதுதான். சிலர் அங்கேயே படிவத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவதும் உண்டு. அதே ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொலைவில் இருக்கும் அக்காவை எழுதலாம், பழைய நண்பரை எழுதலாம். அவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். யாருமே இல்லை என்றால் அதை ஆலோசகரிடம் அப்படியே சொல்லுங்கள். எந்த நிலையில் அந்த எண்ணைக் கூப்பிடுவார்கள், ஆளே இல்லாவிட்டால் எந்த மருத்துவமனைக்குச் சொல்வார்கள் என்று அவர் விளக்குவார். பேசியது எந்தெந்தச் சூழலில் வெளியே போகலாம் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். உயிராபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் இருக்கும். துல்லியமான வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். வேலை செய்யும் நிறுவனமே ஆலோசகரை ஏற்பாடு செய்திருந்தால், மேலாளருக்கு என்ன தகவல் போகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

தாய்மொழியில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொந்த ஊரில் இருக்கும் ஆலோசகரையே இணைய வழியில் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம், அழுது சொல்ல வேண்டியதைத் தாய்மொழியிலேயே சொல்வதில் தனி நிம்மதி இருக்கிறது. ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தில் தொழில் செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் உரிமம் எல்லை தாண்டிச் செல்லாது. பொறுப்பான ஆலோசகர் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார். ஏதாவது ஆனால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அறையைப் பகிர்ந்து இருப்பவர்கள் பேசுவதற்கு ஓர் இடத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் முக்கியமான விஷயம் வாயில் வராது.

முதல் அமர்வு முடிந்து வெளியே வந்தபோது இளைஞருக்கு உடம்பெல்லாம் அசதி, மனசு இன்னும் கனமாகிவிட்டது போல இருந்தது. இது சகஜம். அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே நாளில் சொன்ன களைப்பு. ஒரு நாளை வைத்து முடிவெடுக்காமல் மூன்று, நான்கு முறை போய்ப் பாருங்கள். அதற்குள் உங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எதற்காக இந்தச் சிகிச்சை, இந்த வாரம் ஏன் இதைச் செய்யச் சொல்கிறார் என்பது விளங்க வேண்டும். பிடிக்காததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிய வேண்டும். மூன்றாவது அமர்வில் இவர் தயங்கித் தயங்கி, "நான் முடிப்பதற்குள் நீங்கள் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறீர்கள்" என்றார். ஆலோசகர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" என்று கேட்டு, அன்று முழுக்க அதைக் குறைத்துக்கொண்டார். அப்போதுதான் இவர் தொடர்வது என்று முடிவு செய்தார். இவர் அப்படிச் சொன்னதற்கு ஆலோசகர் முகம் சுளித்திருந்தாலோ, தன் சொந்தக் கதையைப் பேசத் தொடங்கியிருந்தாலோ வேறொருவரைத் தேடியிருக்கலாம், அதில் தப்பே இல்லை.

ஏழெட்டு வாரத்தில் விடியற்காலை விழிப்பு வாரத்துக்கு ஓரிரு நாளாகக் குறைந்தது. அம்மாவோடு பேச ஆரம்பித்தார், முதலில் ஐந்து நிமிடம், பிறகு நீளமாக. அதற்குள் வேலை மாற்றல் வந்துவிட்டது, மறுபடி புது ஊர். கிளம்பும் முன் ஆலோசகரிடம் ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன பிரச்சினை, என்ன முறையில் சிகிச்சை, எது பலன் தந்தது, எது தரவில்லை என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதனால் என்னிடம் வந்தபோது முதல் இரண்டு அமர்வை வரலாறு சொல்வதில் கழிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் மாறும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கடிதத்தைக் கடைசி அமர்வில் கேட்காமல், அதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். எழுத அவருக்கும் நேரம் வேண்டும், அதை நீங்கள் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லவும் நேரம் வேண்டும்.

நன்றி, வணக்கம்.