‘முடியாது போல’ என்றால் ‘முடியாது போல’தான்

நடுவர்: “‘இன்னிக்கு முடியாது போல, அப்புறம் பாக்கலாம்’னு ஃப்ரெண்டு ஒரு வரி அனுப்பறாங்க. அதுல உள்ளர்த்தம் தேடறது புத்திசாலித்தனமா, வீண் வேலையா? வீண் வேலைங்கற அணியிலேர்ந்து அடுத்து பேச வாங்கம்மா.”

நடுவர் ஐயா அவர்களுக்கும், மந்தைவெளி மக்களுக்கும், எதிரணி அன்பர்களுக்கும் வணக்கம்.

ஐயா, போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இதே மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினேன். திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பெசன்ட் நகர் பீச்சில் என் தோழியைப் பார்ப்பதாகத் திட்டம். பதினைந்து வருஷப் பழக்கம். வண்டி அடையாற்றைத் தாண்டிக் கோட்டூர்புரத்தில் நிற்கிறது, போன் அதிர்கிறது. “இன்னிக்கு முடியாது போலடி. அப்புறம் பாக்கலாம்.” அவ்வளவுதான். காரணம் இல்லை, சாரி இல்லை.

வீட்டுக்குத் திரும்பாமல் தனியாகப் பீச்சுக்குப் போனேன். ஷ்மிட் மண்டபத்துக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்போதும் போடுகிற சிரிப்பு பொம்மை ஏன் இல்லை? போன வாரம் என் பையன் போட்டோவுக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை? ‘லாஸ்ட் சீன்’ பார்த்தேன், 6.20. அப்படியென்றால் போன் கையில்தானே இருக்கிறது! ஆறே முக்காலுக்கு என் மனதில் ஒரு முழு வழக்கு தயார். “என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு” என்று அனுப்பிவிட்டேன். “என்னடி ஆச்சு உனக்கு?” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மாதத்தைத்தான் நான் இந்த மேடைக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எங்கள் அணித் தமிழாசிரியை அம்மா ஒரு நல்ல விஷயம் சொன்னார்கள். ‘வரமாட்டேன்’ என்றால் அதில் விருப்பம் பேசுகிறது. ‘முடியாது’ என்றால் இயலாமை பேசுகிறது. ‘போல’ சேர்ந்தால், முடிவு இன்னும் முழுக்கத் தன் கையில் இல்லை என்று சொல்பவரே தயங்குகிறார். என் தோழி ‘வரமாட்டேன்’ என்று எழுதவில்லை. நான்தான் அப்படிப் படித்தேன்.

ஆனால் அம்மா, ‘அப்புறம் பாக்கலாம்’ என்றால் நிச்சயம் பிறகு பார்ப்பார்கள் என்று சொன்னீர்களே, அதில் நீங்கள் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டீர்கள். நன்கொடை கேட்டு வருகிறவரிடம் நாம் சொல்கிற ‘பாக்கலாம்’ பல சமயம் ‘இல்லை’தான். அதே சொல் உண்மையான ‘பிறகு’வாகவும் வரும். எழுத்தைப் பார்த்து இரண்டில் எது என்று பிரிக்க முடியாது. ஆகவே அந்த வரியில் உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று: இன்றைக்கு வரவில்லை.

எதிரணி அக்கா உடனே கேட்டார்கள்: “பதினஞ்சு வருஷம் பழகினவளுக்கு ஒரு வரியிலயே மனசு தெரியாதா?” நியாயமான கேள்வி. இதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. சில வாக்கியங்களை உண்மையாகவும், சிலவற்றைக் கிண்டலாகவும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எழுதியவர்கள் நூற்றுக்கு 78 சரியாகப் புரியும் என்று நினைத்தார்கள். புரிந்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும் ஐயா! அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று: நண்பர்களின் எழுத்தைப் படித்தவர்கள், முன்பின் தெரியாதவர்களின் எழுத்தைப் படித்தவர்களைவிட ஒன்றும் சரியாகக் கணிக்கவில்லை. அக்கா, குரலைக் கேட்டு நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதை நான் மறுக்கவில்லை. எழுதியவர் தன் காதில் தன் குரலோடு அந்த வரியைக் கேட்கிறார். நமக்கு வருவது குரல் இல்லாத எழுத்து. அன்றைக்கு நமக்கு என்ன பயமோ, அந்தக் குரலைக் கொடுத்துப் படித்துவிடுகிறோம்.

எதிரணித் தம்பி தன் கதையைச் சொன்னார். கடன் வாங்கிய நண்பர் நாலு தடவை சந்திப்பைத் தள்ளிப் போட்டாராம், கடைசியில் ஏமாற்றிவிட்டாராம். வருத்தமான கதைதான் தம்பி. ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டது செய்தியைப் படித்தா? பணம் திரும்பி வரவில்லை, தவணை தாண்டிவிட்டது, அதைப் பார்த்துத்தானே? அது கணக்கு. இன்றைய கேள்வி அது இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் ‘ஏன்?’ என்று கேட்பதை விட்டேன். சொல்ல விரும்பாத காரணத்தைக் கேட்டால், எதிரில் இருப்பவர் அவசரமாக ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. ‘தலைவலிடி’ என்பார்கள். ராத்திரி அவர்கள் கல்யாண ரிசப்ஷனில் நிற்கிற போட்டோ வரும். பொய் சொல்ல வைத்தது நாம், அதையே பிறகு சாட்சியாக எடுத்துக்கொள்வதும் நாம். அதனால் இப்படி எழுதுகிறேன்: “சரிடி. வியாழக்கிழமை ஆறு மணி, அதே இடம், தோதுப்படுமா?” கிழமை, மணி, இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘சரி, நீயே சொல்லு’ என்று எழுதினால் அடுத்த சுமையும் அவர் தலையில் விழுகிறது.

பதிலில் வேறொரு நாளை அவரே சொன்னால், ரத்தானது அந்தச் சாயங்காலம் மட்டும்தான். மறுபடியும் வெறும் ‘பாக்கலாம்’ வந்தால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தரம் கேட்பேன். அதுவும் அப்படியே போனால் எழுத்தை மூடி வைத்துவிட்டு, போன் பண்ணி ஒரே ஒரு தடவை கேட்பேன்: “என் மேல ஏதாவது வருத்தமா?” இரண்டு தரமா, ஐந்து தரமா, எப்போது நிறுத்துவது என்று எதிரணி கேட்டால், எல்லா நட்புக்கும் பொருந்துகிற ஒரு எண் என்னிடம் இல்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஐந்து தடவைகூடக் கொடுப்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் எதிரணியோடு நிற்கிறேன். செய்தி திட்டத்தைப் பற்றி இல்லாமல் அவரைப் பற்றியே இருந்தால், ‘எதுக்குமே மனசு இல்லடி’, ‘யாரையும் பாக்கணும்னே தோணல’ என்று வந்தால், அங்கே வியாழக்கிழமை எல்லாம் பேசக்கூடாது. உடனே கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். அது உள்ளர்த்தம் தேடுவதே இல்லை ஐயா, வெளிப்படையாக எழுதியிருப்பதைப் படிப்பது.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து நான்தான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். போன மாதம் அவளிடமிருந்து அதே வரி மறுபடியும் வந்தது: “முடியாது போலடி.” கிழமையும் மணியும் போட்டு அனுப்பினேன். “வியாழன் வேணாம், வெள்ளி” என்றாள். வெள்ளிக்கிழமை அதே மணலில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த இரண்டு தடவையும் அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.